யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள்?

அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த காலத்தில் 1991, 2001, 2011 என்று மூன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போயிருக்கிறேன். 2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை. கையில் படிவம், தோளில் பை, வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலி போட்டதும் வீடே சுற்றி நின்றுவிடும். மாமியார் திண்ணையில், மாமனார் பேப்பரோடு, பிள்ளைகள் ஜன்னலில், எதிர்வீட்டு அம்மா அவர்கள் வாசலில் இருந்தபடியே. அத்தனை பேர் நடுவில் அந்த வீட்டு மருமகளிடம் நான் கேட்க வேண்டியவை: கல்யாணம் ஆனபோது என்ன வயசு, மொத்தம் எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை உயிரோடு இருக்கிறது. பல வீடுகளில் அவள் வாய் திறக்கும் முன்னால் மாமியார் பதில் சொல்லி முடித்திருப்பார். வேலைக்குப் போகிறாளா என்ற கேள்விக்கு, மாவு அரைத்து விற்கிறவளைப் பார்த்து, 'சும்மாதான் இருக்கா' என்பார் கணவர். சம்பளமில்லாத விவசாய வேலையும் குடும்பத் தொழிலும் வேலைதான் என்று அந்தக் கேள்வியிலேயே 1991-இல் சேர்த்திருந்தார்கள். படிவத்தில் சேர்ந்துவிட்டது, வாசலில் நின்றவர்கள் வாயில் சேரவில்லை.

எனக்குத் தரப்பட்ட எந்தப் படிவத்திலும் ஒரு பத்தி இருந்ததில்லை: பதில் சொல்லும்போது யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள்?

2022-இல் ஓய்வு பெற்றேன். 2024 தை மாதத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, அந்தப் பத்தியை நானே கோடு போட்டுச் சேர்த்தேன். காட்டாங்குளத்தூரில் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் தெரு. பழைய ஓட்டு வீடுகளும், போத்தேரிக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுவதற்காக மேலே மேலே எழுப்பிய மாடிகளும் கலந்து கிடக்கும். மறைமலை நகர் கம்பெனி பஸ் முனையில் நிற்கும். கல்யாணமான பெண்கள் இருக்கிற முப்பத்தொரு வீடுகளை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு ஒரு பெண்தான். ஒரே வீட்டில் மாமியாரையும் மருமகளையும் கேட்டால், என்ன கேட்டேன் என்று ஒருவருக்கொருவர் தெரிந்துவிடும். பிறகு 'நீ என்ன சொன்னே?' என்கிற விசாரணை நான் போனபின் நடக்கும்.

முதல் சுற்றில், கணக்கெடுப்புக்குப் போன மாதிரியே போவது. வாசலில், யார் இருந்தாலும் இருக்கட்டும் என்று. இரண்டு கேள்விகள்: கல்யாணம் ஆனபோது வயசு என்ன? மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிற வங்கி அட்டை யாரிடம் இருக்கிறது? ஒன்றரை மாதம் கழித்து, அதே பெண்ணைத் தனியாகப் பார்த்து, அதே இரண்டையும் மறுபடி கேட்பது. மூன்றாவது கேள்வி ஒன்று இருந்தது. அது இரண்டாம் சுற்றுக்கு மட்டும்.

முதல் சுற்று முடிந்ததும் வயசுப் பத்தியைக் கூட்டிப் பார்த்தேன். பதினெட்டு, பதினெட்டு, பத்தொன்பது, பதினெட்டு, இருபது, பதினெட்டு. கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு இப்படி ஒரே எண்ணில் குவிந்தால் உறுத்தும். இயல்பாக நடக்கிற விஷயம் இப்படி ஒரு கோட்டில் வந்து நிற்காது. 1978 முதல் பெண்ணுக்குக் கல்யாண வயசு சட்டப்படி பதினெட்டு என்பது இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள்.

சரிபார்க்க வழி இருக்கிறது. நேராகக் கேட்காமல், மூத்த பிள்ளை எந்த வருஷம் பத்தாவது எழுதினான் என்று கேட்டால் போதும். ஒரு பெண் 'பதினெட்டு முடிஞ்சுதான் டீச்சர்' என்றாள். அவளுக்கு இப்போது நாற்பத்திரண்டு. அதாவது 1982. மூத்தவன் 2014-இல் பத்தாவது எழுதினான், அவனுக்கு நானே கணக்கு எடுத்தேன். பதினாறு வயசில் எழுதினான் என்று வைத்தால் பிறந்தது 1998. அப்படியானால் அவன் பிறந்தபோதே அம்மாவுக்குப் பதினாறுதான்.

அவள் பொய் சொன்னாள் என்று அங்கேயே எழுதி முடித்திருக்கலாம். பங்குனியில் அவளை மட்டும் மொட்டை மாடியில் பார்த்தேன், வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். 'பதினஞ்சு டீச்சர். ஒன்பதாவது பாதியில கூட்டிட்டு வந்துட்டாங்க' என்றாள், சாதாரணமாக. அன்றைக்கு ஏன் பதினெட்டு என்றாய் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். அன்று அவளுடைய சின்னப் பெண் பின்னால் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டிருந்தாளாம். 'அதுகிட்ட நான் படி படின்னு சொல்லிட்டிருக்கேன். நாளைக்கு ஒரு மாப்பிள்ளைய இழுத்துட்டு வந்து, ஒங்கம்மாவுக்குப் பதினஞ்சுல ஆகலியான்னு அவங்கப்பா கேக்கக் கூடாது. அந்தப் பேச்சுக்கே எடம் வெக்கக் கூடாதுன்னு வயச மாத்தி மாத்திச் சொல்லியே பழகிட்டேன்.'

மாமியாருக்கு பயந்து, கணவருக்கு பயந்து பதில் மாறும் என்றுதான் நானும் எதிர்பார்த்துப் போயிருந்தேன். இவள் மகளுக்காக மாற்றியிருக்கிறாள். 'கேட்டுக்கொண்டிருந்தவர்' என்ற பத்தியில் 'மகள்' என்று எழுதும்போது, இந்தப் பத்தியில் பெயரை மட்டும் குறித்தால் போதாது, அவர் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் குறிக்க வேண்டும் என்று பட்டது. அதற்கு நோட்டில் இடம் விட்டிருக்கவில்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

ஆயிரம் ரூபாய் விஷயம் இன்னும் சிக்கல். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய திட்டம். குடும்பத் தலைவி என்று பெண்ணின் பெயரிலேயே பணம் வருகிறது. தலைவி என்ற சொல்லை அரசாங்கம் கொடுத்துவிட்டது, அட்டை யார் சட்டைப் பையில் என்பது வீட்டுக்கு வீடு வேறு. முதல் சுற்றில் பெரும்பாலோர் 'எங்கிட்டதான்' என்றார்கள். பக்கத்தில் நின்ற கணவர்களும் பெருமையாகத் தலையாட்டினார்கள். தனியாகக் கேட்டபோது சிலர் மாற்றினார்கள்: அட்டை அவரிடம், ரகசிய எண் பையனிடம், பணம் வந்த குறுஞ்செய்தி கணவரின் போனுக்கு. அட்டை இவளிடம் இருக்கும், ஆனால் எடுத்து வந்ததும் சீட்டுக்கு என்று மாமியார் வாங்கிக்கொள்வார்.

இதுவரைக்கும் எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் மூன்று வீட்டில் பதில் தலைகீழாக மாறியது. வாசலில் கணவர் முன்னால் 'அவர்கிட்டதான் இருக்கு, எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்' என்றவர்கள், தனியாக இருக்கும்போது அட்டையை எடுத்துக் காட்டினார்கள். ஒருத்தியின் அட்டை அரிசி டப்பாவுக்குள் இருந்தது. கணவருக்குத் தெரியுமா என்றேன். 'தெரியும். ஆனா நாலு பேர் முன்னாடி நான் வெச்சிருக்கேன்னு சொன்னா அன்னைக்கே வாங்கிப்பாரு. அவர்கிட்ட இருக்குன்னு சொல்லிட்டா எங்கிட்டயே இருக்கும்.'

கணக்கெடுப்பு செய்கிறவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. பெண்கள் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்வார்கள், அதனால் வந்த எண்ணோடு கொஞ்சம் கூட்டிக்கொண்டால் உண்மை கிடைத்துவிடும் என்று. ஒரு பக்கமாகவே சாய்கிற தராசு என்றால் அந்தச் சாய்வை அளந்து கழித்துவிடலாம்தான். எங்கள் தெருத் தராசு ஒரு வீட்டில் இடது பக்கமும் அடுத்த வீட்டில் வலது பக்கமும் சாய்கிறது. எட்டு வீட்டில் இப்படி, மூன்று வீட்டில் அப்படி. கூட்டிக் கழித்தால் ஐந்து என்று வரும். அந்த ஐந்துக்கு எந்த அர்த்தமும் இல்லை.

மூன்றாவது கேள்வி அடி பற்றியது.

இதை வாசலில் கேட்கக் கூடாது என்பதற்கு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் எப்படிக் கேட்பது என்பதற்குப் பாடம் இருக்கிறது. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் 2005-06 முதல் வன்முறை பற்றி விரிவாகக் கேட்கிறார்கள். ஒரு வீட்டில் ஒரு பெண்ணை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். தனிமை கிடைத்தால்தான் அந்தப் பகுதியையே தொடங்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் கேட்காமலே விட்டுவிட்டு, கேட்கவில்லை என்று குறிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இதையேதான் சொல்கின்றன: தகவலைவிடப் பெண்ணின் பாதுகாப்பு முதலில். அவ்வளவு கவனத்தோடு கேட்டும் 2019-21 சுற்றில் தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருப்பதாகச் சொன்னார்கள். சொன்னவர்கள் 38.

நடுவில் யாராவது வந்துவிட்டால் பேச்சை மாற்ற, முன்கூட்டியே ஒரு சாதாரண விஷயத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பதும் அந்தப் பாடத்தில் ஒன்று. நான் ரேஷன் கடையை வைத்துக்கொண்டேன். ஒரு வீட்டில் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தோம், பின்கதவு வழியாகக் கணவர் வந்துவிட்டார். 'அப்போ இந்த மாசம் பாமாயில் போடவே இல்லையா?' என்றேன். அவள் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. 'எங்க டீச்சர், பருப்பும் வரல, நாளைக்கு வான்னு அனுப்பிட்டான்' என்று ஆரம்பித்து, கடைக்காரரை ஐந்து நிமிஷம் திட்டினாள். அவர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். எனக்குத்தான் அது படித்துத் தெரிந்த உத்தி. அவள் தினமும் செய்கிற காரியம் போலிருந்தது.

பேசத் தெரிந்த குழந்தையும் ஒரு காதுதான். 'பாட்டி, அம்மா டீச்சர்கிட்ட அழுதுச்சு' என்று ஒரு வாக்கியம் போதும். மூன்று வயசுப் பிள்ளைகள் தூங்குகிற மதிய நேரமாகப் பார்த்துப் போனேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காது என்னுடையது. நான் இந்தத் தெருக்காரி. அவர்களுடைய மாமியார் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறவர். வாயால் 'ஆமாம், அடிக்கிறார்' என்று எனக்குச் சொல்லிவிட்டால், நாளைக் காலையில் பால் வாங்கப் போகும்போது என் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் யாரும் எனக்குச் சொல்லாமலே எனக்குத் தெரிய வேண்டும். இதற்குக் கணக்கில் ஒரு வழி உண்டு. 1965-இல் ஸ்டான்லி வார்னர் என்ற அறிஞர் தொடங்கிவைத்தது. அதன் பின்னால் வந்த எளிய வடிவம் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

தேவையானவை ஒரு ரூபாய் நாணயம், ஒரு மஞ்சப்பை, கொஞ்சம் புளியங்கொட்டை, கொஞ்சம் வெள்ளை மொச்சை. நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவள் நாணயத்தைச் சுண்டுவாள். தலை விழுந்தால், அடி வாங்கியவளோ இல்லையோ, புளியங்கொட்டையைப் பைக்குள் போட வேண்டும். பூ விழுந்தால் உண்மையைப் போட வேண்டும்: கணவர் எப்போதாவது கை நீட்டியிருந்தால் புளியங்கொட்டை, இல்லையென்றால் மொச்சை. யார் பையைத் திறந்து பார்த்தாலும், ஒரு புளியங்கொட்டையைக் காட்டி இது அடி வாங்கியவள் போட்டது என்று சொல்ல முடியாது. நாணயம் போடச் சொன்னதாக இருக்கலாம். கடைசி வீடு வரை நானும் பையைத் திறக்கவில்லை.

திறந்தபோது முப்பதில் இருபது புளியங்கொட்டை, பத்து மொச்சை. முப்பது தடவை சுண்டினால் ஏறக்குறைய பதினைந்து தலை விழும். அந்தப் பதினைந்தும் நாணயத்தின் புளியங்கொட்டை. மிச்சம் ஐந்து. பூ விழுந்த பதினைந்து பேரில் ஐந்து பேர், அதாவது மூன்றில் ஒருத்தி.

வகுப்பில் இப்படி ஒரு விடையை எழுதிவிட்டு உட்காரும் பிள்ளையை நான் விடமாட்டேன். பதினைந்து தலைதான் விழுந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்? முப்பது சுண்டலில் பன்னிரண்டு தலையும் விழலாம், பதினெட்டும் விழலாம், இரண்டும் அதிசயமில்லை. பன்னிரண்டு என்றால், பூ விழுந்த பதினெட்டில் எட்டுப் பேர், கிட்டத்தட்ட பாதி. பதினெட்டு என்றால், பன்னிரண்டில் இரண்டே பேர், ஆறில் ஒருத்தி. ஆறில் ஒன்றுக்கும் பாதிக்கும் நடுவில் எங்கேயோ. ஆயிரம் பேரிடம் செய்தால் இந்த ஆட்டம் அடங்கும். ஒரு தெருவில் அடங்காது. ரகசியத்தைக் காப்பாற்ற நாணயத்துக்குக் கொடுக்கிற விலை அது. நான் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தேன்.

இன்னொரு இடத்திலும் கணக்கு கசிகிறது. ஒரு பெண் தலை விழுந்ததும் கொட்டையைக் கீழே வைத்துவிட்டாள். 'தலைதான் டீச்சர் விழுந்துச்சு. ஆனா எங்க வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்ல. நான் ஏன் அவர் பேர்ல இதப் போடணும்?' விதியை மறுபடி விளக்கினேன். விதி புரிந்தது, கை போகவில்லை. மொச்சையைப் போட்டாள். அவளாவது சொல்லிவிட்டுச் செய்தாள். சொல்லாமல் செய்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. அப்படி ஒவ்வொருத்தி மொச்சைக்கு மாறும்போதும் மூன்றில் ஒன்று என்ற என் கணக்கு இன்னும் குறைவான பக்கமே சாயும். யாருமே கேட்காத, பார்க்காத ஒரு துணிப்பைக்குள்கூட ஒரு புளியங்கொட்டையைப் போட முடியாத அளவுக்கு அந்தக் காது உள்ளே இருக்கிறது.

மற்றவர்கள் போட்டுவிட்டு, பையின் வாயைச் சுருக்கிக் கொடுத்துவிட்டு, அதன்பின் பேசினார்கள். எல்லோரும் இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை, பேனாவை மூடி வைத்திருந்தேன். அவர்கள் பேசியது எதுவும் நோட்டில் இல்லை, இங்கேயும் இல்லை.

என் காது எவ்வளவு பெரியது என்று பார்க்க ஒரு சோதனையும் செய்தேன். கூடுவாஞ்சேரியில் இருக்கிற என் தோழி ஒருத்தியும் ஓய்வுபெற்ற ஆசிரியைதான், எங்கள் தெருவில் யாருக்கும் அவளைத் தெரியாது. ஆறு வீட்டுக்கு அவளை அனுப்பி, ஆயிரம் ரூபாய் அட்டை யாரிடம் என்ற கேள்வியை மட்டும் தனியாகக் கேட்கச் சொன்னேன். இரண்டு வீட்டில் எனக்குத் தனிமையில் சொன்ன பதிலும் மாறியது. ஒருத்தி அவளிடம், 'அந்த டீச்சர்கிட்ட எங்கிட்ட இருக்குன்னு சொல்லிட்டேன். இத்தன படிக்க வெச்சும் கார்ட அவர்கிட்ட குடுத்துட்டியான்னு நெனப்பாங்க' என்றாளாம். அவள் என் பழைய மாணவி. வகுப்பில் எனக்குப் பிடித்த விடையைச் சொல்லிப் பழகியவள், அதையே இப்போதும் சொல்லியிருக்கிறாள். மாமியார் இல்லாத, கணவர் இல்லாத, கதவு சாத்திய அறையில், பெண்ணியம் பேசுகிற டீச்சர் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் அதுவும் ஒரு சபைதான். தோழியிடம் சொன்னதுதான் உண்மை என்று எடுத்துக்கொள்ளவும் எனக்குத் துணிவில்லை. முன்பின் தெரியாதவளிடம் சொல்லவும் அவளுக்கு ஏதோ ஒரு கணக்கு இருந்திருக்கும்.

தமிழில் 'கேட்பது' என்றால் வினவுவதும்தான், காது கொடுப்பதும்தான். முப்பத்து மூன்று வருஷம் நான் முதலாவதை மட்டும் செய்திருக்கிறேன், அதுவும் விடை தெரிந்த கேள்விகளை.

நோட்டில் ஒரு வீட்டை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை. பி.காம். முடித்துக் கல்யாணமாகி வந்த பெண், கைக்குழந்தைக்கு ஒன்பது மாதம். முதல் சுற்றில் வாசலில் ஒழுங்காகப் பதில் சொன்னாள். இரண்டாம் சுற்றுக்கு, மாமியார் கோயிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமை மாலை வருகிறேன் என்றேன். 'வேணாம் டீச்சர், ஞாயித்துக்கிழமை வாங்க' என்றாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருப்பார்களே என்றேன். 'இருக்கட்டும்' என்றாள்.

போனபோது மாமனார் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார், மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், கணவர் குழந்தையைத் தோளில் போட்டிருந்தார். நான் மூன்றாவது கேள்வியை எடுக்கவே இல்லை, மஞ்சப்பை பைக்குள்ளேயே இருந்தது. கல்யாண வயசு, ஆயிரம் ரூபாய் அட்டை, இரண்டையும் கேட்டேன். பதில் மாறவில்லை. நோட்டை மூடப் போனேன்.

'இன்னொண்ணு கேக்கலியே டீச்சர். வேலைக்குப் போக விருப்பமான்னு.'

என் நோட்டில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. கீரை ஆய்கிற கை நின்றதைப் பார்த்தேன்.

'விருப்பமாம்மா?' என்றேன்.

'விருப்பம். மறைமலை நகர்ல அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல கூப்பிட்டாங்க. குழந்தைக்கு ஒரு வயசு ஆனதும் போகணும்னு இருக்கேன். எழுதிக்கோங்க.'

எழுதினேன். டி.வி.யின் சத்தத்தை யாரோ குறைத்திருந்தார்கள்.

'எழுதிட்டீங்களா? சரியா எழுதியிருக்கீங்களான்னு பாக்கணும். கொஞ்சம் சத்தமா படிச்சுக் காட்டுங்க டீச்சர்.'

வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் படித்தேன்.